9 மணி லொறிக்கு 5 மணிக்கே ஏன் கதவடைக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்துக்குப் போகிற கூரியர் லொறி கொழும்பிலிருந்து வெளிக்கிடுவது இரவு 9 மணிக்கு. ஆனால் வெள்ளவத்தைக் கவுன்டரில் ஒட்டியிருக்கிற பேப்பரில் ‘கட் ஓஃப் மாலை 5.00’ என்று இருக்கும். இடையில் இருக்கிற 4 மணித்தியாலம் எங்கே போகுது? கவுன்டரில் இருக்கிற ஆக்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போறதுக்காகத்தான் இப்பிடி எழுதி வச்சிருக்கினம் எண்டு எங்கட ஹொஸ்டல் பெடியள் அடிச்சுச் சொல்லுவாங்கள். நானும் அதை மறுத்துப் பேசினதில்லை.

கம்பஸ் மூடிக் கிடந்த ஒரு காலத்தில், 6 கிழமை ஒரு கூரியர் கம்பனியின் ஹப்பில் பின்னேர ஷிஃப்ட் வேலை செய்தேன். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. களனி ஆற்றைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு பெரிய களஞ்சியம். பின்னேரம் 4 மணிக்குப் போனால் அது வெறுமையாக, காற்றோட்டமாக, விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கும். 7 மணிக்குப் பார்த்தால் கால் வைக்க இடம் இருக்காது. 9 மணிக்குத் திரும்பவும் வெறுமை. இந்த நிரம்பலும் வடிதலும்தான் கட் ஓஃப் நேரத்தின் முழுக் கதையும்.

முதலில், ஏன் எல்லாப் பார்சலும் ஒரே இடத்துக்கு வரவேண்டும் என்பதைச் சொல்லவேணும். இலங்கையில் 25 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு கிளை என்று வைத்து, ஒவ்வொரு கிளையையும் மற்ற எல்லாக் கிளைகளோடும் நேரடியாக இணைக்கப் போனால் 300 பாதைகள் வேண்டும். எல்லாரும் நடுவில் ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பிரித்து, திருப்பி அனுப்பினால் 25 பாதை போதும். அதனால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்குப் போடுகிற பார்சல்கூட கொழும்பு பார்த்துவிட்டுப் போகும். பார்க்க விசர் வேலை மாதிரி இருக்கும், ஆனால் கணக்குச் சரி. 1973 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் சேவையைத் தொடங்கியதும் இதே கணக்கில்தான். 14 சின்ன விமானங்கள், 25 நகரங்கள், முதல் இரவில் 186 பொதிகள். பக்கத்து ஊருக்குப் போகிற பொதியும் மெம்பிஸுக்கு வந்துதான் போனது. எங்கள் ஹப்பில் விமானத்துக்குப் பதில் லொறி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாக் கிளைகளின் பார்சலும் வந்து சேர்ந்தால்தான் எந்த லொறியும் முழுமையாகும். அதேநேரம் எந்த லொறியும் மற்றதுக்காகக் காத்திருக்க ஏலாது. வருவதற்கும் போவதற்கும் இடையில் இருக்கிற சின்னத் துண்டு நேரத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்து முடிக்கவேணும். அதைச் செய்வதற்குத்தான் கொன்வேயர் பெல்ட்.

பெல்ட் என்றதும் விமான நிலையத்தில் பெட்டி வருகிற அந்தக் கறுப்பு றப்பர்தான் ஞாபகம் வரும். இதுவும் அதே இனம்தான், ஆனால் இதற்கு ஒழுங்கு வேண்டும். வானிலிருந்து இறக்கின பார்சல்கள் குவியலாகக் கிடக்கும். பெல்ட்டின் தொடக்கத்தில் இரண்டு பேர் நின்று, ஒவ்வொன்றாக, லேபல் மேலே பார்க்கிற மாதிரி, முன்னுக்குப் போனதுக்கும் பின்னுக்கு வாறதுக்கும் இடையில் ஒரு கை நீள இடைவெளி விட்டு வைக்கவேண்டும். முதல்நாள் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம் அந்த இடைவெளிதான். “கேப் எக தியன்ன ஓன, மல்லி” என்று சுப்பவைசர் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் கத்துவார். இடைவெளி இருக்கவேணும், தம்பி. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று இரண்டாவது கிழமைதான் விளங்கியது.

பார்சல் கொஞ்சத்தூரம் போனதும் ஒரு இரும்புச் சட்டத்துக்குக் கீழாலே நுழையும். சட்டத்தின் மேலே இருக்கிற ஸ்கானர் பார்கோட்டை வாசிக்கும். பார்கோட்டுக்குள் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதியிருப்பதில்லை, ஒரு இலக்கம் மட்டும்தான் இருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டுபோய்க் கம்பியூட்டரில் தேடினால் எந்த ஊர், எந்த லொறி என்று பதில் வரும். பதில் வருவதற்குள் பார்சல் ஸ்கானரைத் தாண்டிப் போய்விடும். பெல்ட்டின் நடுவில் யாழ்ப்பாணச் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுகிற கை இருக்கிறது. அந்தக் கைக்குக் கண் இல்லை. பார்கோட் வாசிக்கவும் தெரியாது. பிறகு எப்படிச் சரியான பார்சலைத் தள்ளுகிறது?

பெல்ட்டின் உருளையில் ஒரு சின்னக் கருவி பூட்டியிருக்கிறார்கள். பெல்ட் ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தால் அது ஒன்று எண்ணும். ஸ்கானரிலிருந்து யாழ்ப்பாணக் கை 12 மீற்றர் என்று வைப்போம். பார்சலை வாசித்த இடத்திலிருந்து 1200 எண்ணினதும் கை நீளும். அவ்வளவுதான். மெஷின் பார்சலைப் பார்ப்பதில்லை, பார்சல் இருக்கவேண்டிய இடத்தைத்தான் நம்புகிறது. இதனால்தான் ஓடுகிற பெல்ட்டில் கை வைக்கவே விடமாட்டார்கள். ஆரோ ஒருவர் நல்ல மனதோடு, சரிந்து கிடக்கிற ஒரு பெட்டியை நிமிர்த்தி அரை மீற்றர் முன்னுக்குத் தள்ளிவிட்டால், 1200 எண்ணி முடியும்போது கைக்கு முன்னால் அந்தப் பெட்டி இருக்காது. கை வெறும் பெல்ட்டைத் தள்ளும், அல்லது பின்னுக்கு வந்த காலிப் பார்சலை யாழ்ப்பாணக் கூண்டுக்குள் தள்ளும். இரண்டு பார்சல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதுதான் நடக்கும். சுப்பவைசரின் இடைவெளிப் பாட்டுக்குக் காரணம் இதுதான்.

ஒரு கையும் தள்ளாத பார்சல்கள் பெல்ட்டின் கடைசி மட்டும் போய் ஒரு மேசையில் விழும். மூன்றாவது நாளிலிருந்து என்னை அந்த மேசையில்தான் போட்டார்கள். திறமை ஒன்றும் இல்லை. அந்த ஷிஃப்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மேசைக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் லேபல் பிரச்சினை. பார்கோட்டுக்கு மேலே பளபளக்கிற செலோடேப் ஒட்டியிருப்பார்கள், வெளிச்சம் தெறித்து ஸ்கானருக்கு ஒன்றும் தெரியாது. பொலித்தீன் பையில் ஒட்டின லேபல் சுருங்கியிருக்கும். பெட்டியின் விளிம்பில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாக மடித்து ஒட்டியிருப்பார்கள். இவையெல்லாம் பரவாயில்லை, ஸ்கானர் ‘வாசிக்க முடியவில்லை’ என்று ஒத்துக்கொள்ளும். பார்கோட்டின் முடிவில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். கோடுகளை வாசித்த கணக்கு அந்த எண்ணோடு பொருந்தாவிட்டால் ஸ்கானர் ஊகிக்காது, விட்டுவிடும். கஷ்டம் என்னவென்றால் பழைய பெட்டி. ஏற்கெனவே ஒருமுறை வந்த பெட்டியைத் திருப்பிப் பாவிக்கிற ஆக்கள் புது லேபலைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, மேலே இருக்கிற பழையதைக் கிழிக்க மறந்துவிடுவார்கள். மேலேயிருக்கிற ஸ்கானர் பழையதைத் துப்புரவாக வாசிக்கும். கம்பியூட்டரோ, இந்தப் பார்சலைப் போன மாதமே குடுத்தாச்சு என்று சொல்லும். பெட்டி மேசைக்கு வரும். நான் பழைய லேபலைக் கிழித்து, புதியதைக் கையால் ஸ்கான் பண்ணி, திரும்பவும் பெல்ட்டின் தொடக்கத்துக்கு அனுப்புவேன்.

மிச்சம் ஊர்ப் பெயர்ப் பிரச்சினை. கவுன்டரில் பதிகிறவர் லிஸ்டில் ஊரைத் தேர்ந்தெடுக்கவேணும். முகவரி தமிழில் கையால் எழுதியிருந்து, பதிகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கொண்டுவந்தவரிடம் கேட்டுக் காதில் விழுந்ததைப் பதிவார். மருதமுனைக்குப் போகவேண்டியது மருதானை என்று பதிவாகி வரும். ஒன்று கல்முனைக்குப் பக்கத்தில், மற்றது எங்கள் ஹப்பிலிருந்து முச்சக்கர வண்டியில் போகிற தூரம். காரைதீவு இன்னும் மோசம். அம்பாறையிலும் ஒன்று இருக்கிறது, புத்தளத்திலும் ஒன்று இருக்கிறது. இப்படிப் பிழையாகப் பதிந்தவை பெரும்பாலும் மேசைக்கு வராது. மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் சரி, பார்சல் ஒழுங்காகப் பிழையான லொறியில் ஏறிப் போய்விடும். லேபல் வேறு காரணத்துக்காக வாசிக்கப்படாமல் மேசைக்கு வந்தவற்றில்தான் நான் இதைக் கண்டுபிடித்தேன். அழுக்கு லேபல் சில பார்சல்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி அந்த 4 மணித்தியாலத்துக்கு வருவோம். இதைப் பின்னாலிருந்து எண்ணவேணும்.

யாழ்ப்பாணத்தில் டிலிவரிக்காரர் மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடுவது காலை 8 மணிக்குக் கிட்ட. அதற்கு முதல் அங்கே நல்லூர், சுன்னாகம், பருத்தித்துறை என்று திரும்பவும் பிரிக்கவேணும், அதற்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். ஆகவே லொறி 6 மணிக்கு அங்கே நிற்கவேண்டும். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், இடையில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இறக்கவேண்டும். 9 மணித்தியாலம் என்று வைத்தால் இரவு 9 மணிக்கு வெளிக்கிட்டே ஆகவேண்டும். கூண்டுகளை ஏற்றி, எண்ணி, கதவைப் பூட்டி சீல் வைக்க அரை மணித்தியாலம். அப்படியென்றால் பெல்ட்டில் கடைசிப் பார்சல் 8.30 க்கு ஏறவேண்டும்.

வானெல்லாம் கொழும்பு பின்னேர ட்ரபிக்கைத் தாண்டி வந்து, எங்கள் பெல்ட் ஓடத் தொடங்குவது 6.15 அளவில். 6.15 இலிருந்து 8.30 வரை 135 நிமிடம். பெல்ட்டில் வைக்கிற இரண்டு பேரும் சேர்ந்து நிமிடத்துக்கு 40 பார்சல் வைக்கலாம். இடைவெளி விடவேணும், லேபலைத் திருப்பவேணும், அதற்கு மேல் கை ஓடாது. 135 ஐ 40 ஆல் பெருக்கினால் 5400. ஒரு நல்ல பின்னேரம் 5000 பார்சல் வரும் என்று வையுங்கள். சரி, 400 மிச்சம் பிடிக்கலாம் போல இருக்கிறது.

ஆனால் அந்த 5000 இல் நூற்றுக்கு 5 மேசைக்கு வரும். அது 250 பார்சல். அவை திரும்பவும் பெல்ட்டில் ஏறவேண்டும், அதற்கு 6 நிமிடம். மேசையில் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால், 2 பேர் நின்றாலும் 125 நிமிடம். 135 நிமிடத்தில் 125 நிமிடம்! 7 மணிக்கு நான் தண்ணி குடிக்கப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அதுகூட எல்லா வானும் சீராக வந்தால்தான். காலி வீதியில் ஒரு மழை பெய்து, பாதி வான்கள் 7.45 க்குத்தான் வந்து சேருகின்றன என்று வையுங்கள். 2500 பார்சல் இனித்தான் பெல்ட்டில் ஏறவேண்டும், இருப்பது 45 நிமிடம். பெல்ட் கொள்ளுவது 1800. மிச்சம் 700 அன்றைக்குப் போகாது. அந்த 7 மணிக்கு முன்னால் பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்த நிமிடங்களைத் திருப்பிப் பிடிக்கவே ஏலாது. பெல்ட்டை வேகமாக ஓடவிட்டாலும் பிரயோசனமில்லை, வைக்கிற கை அதே இரண்டு சோடிதான்.

ஆகவே 5 மணி என்பது லொறியின் நேரம் இல்லை. குவியல் ஒரேயடியாக வந்து விழாமல் இருப்பதற்காக, வெள்ளவத்தை வான் கிளம்பவேண்டிய நேரம். அதனால்தான் கட் ஓஃப் எல்லாக் கிளைக்கும் ஒன்றில்லை. வெள்ளவத்தையில் 5 மணி, ஆனால் எங்கள் ஹப்பின் வாசலில் இருந்த சின்னக் கவுன்டரில் 7.30 வரை எடுத்தார்கள். அதே லொறிக்கு. இது போர்டில் இருக்காது, கேட்டால் சொல்லுவார்கள்.

“பத்து நிமிசம் பிந்தினா என்ன குறைஞ்சு போகும்?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ப்ளவுஸின் கதை.

ஒரு சனிக்கிழமை காலை, தமிழில் கதைக்கிற ஆள் வேண்டும் என்று போனை என்னிடம் தந்தார்கள். அண்டைக்கு நான் ஓவர்டைம். மறுமுனையில் வெள்ளவத்தையில் தையல்கடை வைத்திருக்கிற ஒரு அக்கா. “தம்பி, சுன்னாகத்துக்கு ஒரு பார்சல் போட்டனான். பொம்பிளையின்ர ப்ளவுஸ். நாளைக்குக் கலியாணம். இண்டைக்குக் குடுப்பினமோ?” நம்பரை அடித்துப் பார்த்தேன். வெள்ளி மாலை 5.10 க்கு ஏற்றுக்கொண்டது என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஸ்கானும் இல்லை. ஹப்புக்கு வந்த பதிவு இல்லை. அப்படியென்றால் வான் 5 மணிக்குப் போய்விட்டது, ப்ளவுஸ் இன்னும் வெள்ளவத்தைக் கிளையின் றாக்கையில்தான் இருக்கிறது.

சனி இரவு லொறியில் போனால் ஞாயிறு காலை யாழ்ப்பாணம். ஞாயிறு டிலிவரி இல்லை. அடுத்த திங்கள் போயா. குடுப்பது செவ்வாய். 4.55 க்குப் போட்டிருந்தால் சனிக்கிழமை மத்தியானம் சுன்னாகத்தில் இருந்திருக்கும். பத்து நிமிடப் பிந்தல் பத்து நிமிடமாக வாறதில்லை. ஒன்றில் பூச்சியமாக வரும், இல்லாட்டி முழு நாளாக வரும். வெள்ளிக்கிழமையும் போயாவும் சேர்ந்தால் மூன்று நாளாக வரும்.

“அக்கா, அது இன்னும் உங்கட பக்கத்திலதான் கிடக்கு. பில்லைக் கொண்டுபோய்த் திருப்பி வாங்குங்கோ. இண்டைக்கு இரவு யாழ்ப்பாண பஸ்ஸில ஏத்திவிடுங்கோ” என்றேன். கூரியர் கம்பனியில் இருந்துகொண்டு பஸ்ஸில் அனுப்பச் சொன்னதை சுப்பவைசர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அவருக்குத் தமிழ் விளங்காது என்பது அன்றைக்கு உதவியது. வெள்ளவத்தையிலிருந்து போகிற இரவு பஸ்ஸுக்கு ஹப்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் வைத்து, நம்பரை எழுதிக் குடுத்து, விடியற்காலை ஆரும் போய் றோட்டில் நின்று வாங்கவேண்டியதுதான். ஒரே ஒரு பார்சலுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. 5000 பார்சலுக்கு அது வழியே இல்லை. ஞாயிறு விடிய 5.30 க்கு தமையன்காரன் சந்தியில் நின்று வாங்கிவிட்டான் என்று அக்கா பிறகு போன் பண்ணிச் சொன்னா.

எனக்குக் கட் ஓஃபில் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அந்த 5.10 பில்லில்தான். வான் போய்விட்டது என்று கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியும். ஆனாலும் பார்சலை எடுத்து, அன்றைய திகதியோடு லேபல் அடித்து, “நாளைக்குப் போயிடும்” என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் எடுக்கவேணும் என்ற கணக்கு இருக்கும். அதற்காக? ‘இன்று பிந்திவிட்டது, செவ்வாய்தான் போகும்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அக்கா வெள்ளி இரவே பஸ்ஸுக்குப் போயிருப்பா. எங்கள் வயதில் இன்ஸ்டாவில் உடுப்பு, கேக், கைவேலை விற்கிற எத்தனையோ பேர் பணத்தைக் கையில் வாங்கிக் குடுக்கிற முறையில்தான் அனுப்புகிறார்கள். பார்சல் பிந்தினால் வாங்கவேண்டியவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். போன காசும் திரும்பி வாற காசும் அனுப்பினவரின் தலையில். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் திரும்பி வந்த பார்சல்களுக்கு என்றே ஒரு கூண்டு இருந்தது. அது ஒருநாளும் காலியானதில்லை.

அதனால் நீங்கள் அனுப்புகிற ஆளாக இருந்தால், பில்லில் இருக்கிற திகதியை நம்பவேண்டாம். இரவு 8 மணிக்குப் பிறகு நம்பரை அடித்துப் பாருங்கள். ஹப்புக்கு வந்தது என்ற ஸ்கான் இல்லாவிட்டால் வானைத் தவறவிட்டிருக்கிறது. வந்தது என்று இருந்து, 9 மணிக்குப் பிறகும் வெளிக்கிட்டது என்று வராவிட்டால், அநேகமாக அது என்னைப் போல ஒருத்தரின் மேசையில் இருக்கிறது, லேபலைப் பற்றிக் கேளுங்கள். வெளிக்கிட்டது என்று இருந்து அடுத்தநாள் சம்பந்தமே இல்லாத ஒரு ஊரில் ஸ்கான் விழுந்தால், அங்கே நடந்தது மருதானைக் கதை. அந்த ஊர்க் கிளைக்கு நேரே போன் எடுத்தால்தான் அன்றைக்கே திருப்பி ஏற்றுவார்கள். திருப்பி அனுப்புகிற லொறிக்கும் ஒரு கட் ஓஃப் இருக்கிறது, அநேகமாக அது பின்னேரம் 3 மணிக்கு.